ஒரே படம், ஐந்து அளவு: எதை வெட்டுவது, எங்கே பின்னணியை நீட்டுவது?

உங்கள் அலுவலகக் குழு அடுத்த மாதம் ஹம்பிக்கு ஒரு வார இறுதி நடைப்பயணம் ஏற்பாடு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்புக்கு ஒரே ஒரு நல்ல படம்தான் கையில் இருக்கிறது. விட்டல கோயில் முற்றத்தில் நிற்கும் கல் தேர், அதன் பக்கத்தில் கை நீட்டி விளக்கம் சொல்லும் ஒரு வழிகாட்டி, மேலே தெளிந்த வானம், கீழே வெறும் தரை. 50 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அதே தேர்தான்.

இந்தப் படம் இன்ஸ்டாகிராம் ஃபீடுக்கு வேண்டும். ஸ்டோரிக்கு வேண்டும். யூடியூப் தம்ப்நெயிலுக்கு வேண்டும். பதிவு செய்யும் லிங்க்கை வாட்ஸ்அப்பில் பகிரும்போது அதனுடன் வரும் சின்ன முன்னோட்டப் படத்துக்கும் வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒன்றில் தேரின் யானை பாதியில் வெட்டுப்படும், இன்னொன்றில் வழிகாட்டியே காணாமல் போவார். "சரி, பின்னணியைக் கொஞ்சம் நீட்டிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். நீட்டலாம். ஆனால் எவ்வளவு, எந்தப் பக்கம், எதைக் கொண்டு என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்தால், பெரும்பாலான அளவுகளுக்கு நீட்டவே தேவையில்லை என்பது தெரியவரும். நீட்ட வேண்டிய ஒன்றிரண்டிலும் அந்த ஒட்டு யார் கண்ணிலும் படாத இடத்தில் வைக்க முடியும்.

அது எப்படி என்பதை இந்த ஹம்பி படத்தையே வைத்துப் பார்க்கலாம்.

எந்தெந்த அளவுகள் வேண்டும்?

நடைமுறையில் ஐந்து அளவுகள் இருந்தால் கிட்டத்தட்ட எல்லா இடத்தையும் சமாளித்துவிடலாம்.

- சதுரம், 1:1. 1080×1080 பிக்சல்.
- ஃபீடுக்கான நிமிர்ந்த படம், 4:5. 1080×1350.
- ஸ்டோரி, ரீல்ஸ், ஷார்ட்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: 9:16. 1080×1920.
- அகலப் படம், 16:9. 1920×1080. யூடியூப் தம்ப்நெயிலுக்கும் இதே விகிதம்தான்.
- லிங்க் முன்னோட்டம், ஏறத்தாழ 1.91:1. 1200×630.

இதோடு இன்னொரு விஷயத்தையும் நினைவில் வையுங்கள். 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் தன் ப்ரொஃபைல் பக்கக் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3:4-க்கு மாற்றியது. நீங்கள் 4:5-இல் போட்ட படமாக இருந்தாலும் 9:16-இல் போட்ட ரீல்ஸ் அட்டையாக இருந்தாலும், ப்ரொஃபைலில் அது 3:4 ஆகத்தான் தெரியும். அதாவது, நீங்கள் வெட்டிக் கொடுத்த படத்தை செயலி இன்னொரு முறை வெட்டும். இது பிறகு நமக்கு உதவப் போகிறது.

முதல் வேலை: வெட்டக் கூடாத பெட்டியை வரையுங்கள்

கிராப் கருவியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. படத்தில் எது போனால் படத்துக்கே அர்த்தம் போய்விடுமோ அதைச் சுற்றி ஒரு பெட்டி வரையுங்கள்.

ஹம்பி படம் 24 மெகாபிக்சல் கேமராவில் படுக்கைவாட்டில் எடுத்தது. 6000 பிக்சல் அகலம், 4000 உயரம். தேர், அதன் முன்னால் இருக்கும் இரண்டு கல் யானைகள், வழிகாட்டியின் நீட்டிய கை ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். பெட்டியின் இடது விளிம்பு 1500-ஆவது பிக்சலில் தொடங்கி வலது விளிம்பு 4200-இல் முடிகிறது. மேல் விளிம்பு 900, கீழ் விளிம்பு 3500. ஆக, பெட்டியின் அகலம் 2700, உயரம் 2600.

பெட்டி படச்சட்டத்தை உரசிக்கொண்டு நின்றால் பார்க்கவே மூச்சு முட்டும். அதனால் இரு பக்கமும் 150 பிக்சல் காற்று விடுவோம். இப்போது நமக்குத் தேவையான குறைந்தபட்ச அகலம் 3000. இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் மீதிக் கணக்கு முழுவதும்.

எதற்கு வெட்டினாலே போதும்?

சதுரத்துக்கு, படத்தின் முழு உயரமான 4000-ஐ எடுத்தால் அகலமும் 4000 கிடைக்கும். நமக்குத் தேவை 3000. தாராளம்.

4:5-க்கு முழு உயரத்தை எடுத்தால் அகலம் 3200. இதுவும் போதும். ப்ரொஃபைல் கட்டத்தில் 3:4 ஆக மாறும்போது இரண்டு பக்கமும் தலா 100 பிக்சல் போகும். பெட்டிக்கு வெளியே பக்கத்துக்கு 250 இருப்பதால், போனபின்பும் 150 மிஞ்சும். வழிகாட்டியின் விரல் நுனிக்கு ஆபத்து இல்லை.

16:9-க்கு முழு அகலமான 6000-ஐ வைத்துக்கொண்டால் உயரம் 3375. பெட்டியின் உயரம் 2600-தான், எனவே மேலே 400, கீழே 225 வெட்டினால் முடிந்தது. லிங்க் முன்னோட்டத்துக்கு உயரம் 3150. அதுவும் அடங்குகிறது. தம்ப்நெயிலில் வலது கீழ் மூலையில் யூடியூப் தன் நேரக் குறியீட்டை ஒட்டும், அங்கே முக்கியமான எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்குக்கும் பின்னணியை ஒரு பிக்சல்கூட நீட்டத் தேவையில்லை. கட்டளை வரியில் வேலை செய்யத் தயங்காதவர்கள் ImageMagick-இல் ஒரே மூச்சில் வெட்டிக்கொள்ளலாம்:

```
magick hampi.jpg -crop 4000x4000+850+0 +repage -resize 1080x1080 h_1x1.jpg
magick hampi.jpg -crop 3200x4000+1250+0 +repage -resize 1080x1350 h_4x5.jpg
magick hampi.jpg -crop 6000x3375+0+400 +repage -resize 1920x1080 h_16x9.jpg
magick hampi.jpg -crop 6000x3150+0+600 +repage -resize 1200x630 h_link.jpg
```

`-crop`-க்குப் பிறகு வரும் முதல் இரண்டு எண்கள் வெட்டும் அளவு. அடுத்த இரண்டும் இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டத் தொடங்க வேண்டும் என்பது. ஒரே அளவில் பத்துப் படம் இருந்தாலும், பெட்டியின் இடம் படத்துக்குப் படம் மாறும். அதனால் இந்த எண்களை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

அப்போ 9:16-க்கு என்ன பிரச்சினை?

முழு உயரமான 4000-ஐ எடுத்து 9:16-இல் வெட்டினால் அகலம் 2250-தான் கிடைக்கும். நமக்குத் தேவை 3000. தேரை வைத்தால் வழிகாட்டி போவார், வழிகாட்டியை வைத்தால் யானை போகும். இங்கேதான் நீட்ட வேண்டியிருக்கிறது.

எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு:

```
தேவையான உயரம் = தேவையான அகலம் × 16 ÷ 9
நீட்ட வேண்டியது = தேவையான உயரம் − கையில் இருக்கும் உயரம்
```

3000-ஐ 16-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 5333. கையில் 4000 இருக்கிறது. குறைவது 1333 பிக்சல். கேட்கப் பெரிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்தப் படம் கடைசியில் 1080 அகலத்துக்குச் சுருங்கப் போகிறது. 3000 என்பது 1080 ஆகும்போது, நாம் நீட்டிய 1333 என்பது 480 ஆகிவிடும். மொத்த உயரம் 1920. ஆக, திரையில் கால் பங்குதான் நாம் சேர்த்தது. மீதி முக்கால் பங்கு, அதாவது 1080×1440, கேமரா பார்த்த உண்மையான காட்சி.

அந்த 480 பிக்சலை எங்கே வைப்பது?

ஸ்டோரியில் உங்கள் படத்தின் மேல் செயலி தன் சொந்தச் சாமான்களை வைக்கிறது. மேலே கணக்கின் பெயரும் நேரக் கோடும், கீழே பதில் எழுதும் பெட்டியும் பொத்தான்களும். ஸ்டோரி விளம்பரங்களுக்கு மெட்டா தரும் வழிகாட்டுதல், மேலே சுமார் 14 சதவீதம், அதாவது 250 பிக்சல், கீழே சுமார் 20 சதவீதம், அதாவது 340 பிக்சல் இடத்தில் எழுத்தோ லோகோவோ வைக்க வேண்டாம் என்கிறது. இரண்டையும் கூட்டினால் 590 பிக்சல். நாம் நீட்ட வேண்டியதோ 480.

அதாவது நாம் நீட்டும் முழு இடமும் செயலியின் பொத்தான்களுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ள முடியும். மேலே 240, கீழே 240 என்று சமமாகப் பிரித்துவிடுங்கள். மேல் பகுதி 250-க்குள்ளும் கீழ்ப் பகுதி 340-க்குள்ளும் அடங்கிவிடும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. 1080×1920 படத்தின் நடுப்பகுதியை 3:4-க்கு வெட்டினால் 1080×1440 கிடைக்கும், மேலும் கீழும் தலா 240 போய்விடும். ப்ரொஃபைல் கட்டத்தில் இதே படத்தை அட்டையாக வைத்தால், அங்கே நாம் சேர்த்தது எதுவுமே இருக்காது, முழுக்க உண்மையான படம்தான் தெரியும். எல்லாப் படத்துக்கும் கணக்கு இவ்வளவு கச்சிதமாக விழாது. ஆனால் நீட்டும் இடத்தை மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒதுக்குவது என்ற வழி எல்லாப் படத்துக்கும் பொருந்தும்.

தலைப்பு எழுதவும் இடம் கிடைத்துவிட்டது. தேரின் உச்சிக்கு மேலே மூலப்படத்திலேயே 900 பிக்சல் வானம் இருந்தது. அது சுருங்கி 324 ஆகும். நாம் சேர்த்த 240-ஐயும் கூட்டினால், திரையின் மேலிருந்து தேர் உச்சிவரை 564 பிக்சல். மேலே 250-ஐச் செயலிக்கு விட்டுவிட்டால் 314 பிக்சல் உயரம் மிச்சம். "ஹம்பி நடை" என்று எழுதி, அடியில் தேதி போட இது போதும்.

ரீல்ஸ் அட்டைக்குக் கணக்கு வேறு. அங்கே விளக்க வரிகளும் பொத்தான்களும் கீழே அதிக இடம் பிடிக்கும். மெட்டா அங்கே கீழ்ப்பகுதியில் 35 சதவீதம் வரை விடச் சொல்கிறது, அதாவது 672 பிக்சல். நம் படத்தில் பெட்டிக்குக் கீழே இருப்பது 420-தான். தேரின் சக்கரங்களும் வழிகாட்டியின் கால்களும் எழுத்துக்கு அடியில் போகும். 480-ஐயும் கீழே தள்ளினால் கால்கள் கிட்டத்தட்டத் தப்பும், ஆனால் தலைப்புக்கான இடம் சுருங்கும். ப்ரொஃபைல் கட்டத்தில் நீட்டிய தரையும் தெரியும். எது முக்கியம் என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், சக்கரத்தின் மேல் நாலு எழுத்து விழுந்தால் பரவாயில்லை, அப்படியே விடலாம்.

சரி, எப்படி நீட்டுவது?

வானத்துக்கு ஒரு வழி, தரைக்கு வேறு வழி. இரண்டையும் ஒரே கருவியால் செய்யப் போனால்தான் படம் கெடுகிறது.

முதலில் போட்டோஷாப்பில் படத்தை 3000×4000-க்கு வெட்டிக்கொள்ளுங்கள் (இடமிருந்து 1350-இல் தொடங்கி). பிறகு `Image > Canvas Size` போய் உயரத்தை 5333 ஆக்குங்கள். படம் நடுவில் இருக்கட்டும். மேலும் கீழும் தலா 666 பிக்சல் வெற்றிடம் கிடைக்கும்.

வானம்: மேகம் இல்லாத வானத்துக்கு எளிய வழி, இழுப்பதுதான். படத்தின் மேல் விளிம்பிலிருந்து 700 பிக்சல் பட்டையைத் தேர்ந்தெடுங்கள். தேரின் உச்சி 900-இல் தொடங்குவதால் 200 பிக்சல் பாதுகாப்பு இடைவெளி இருக்கிறது. பட்டையைத் தனி லேயராக நகலெடுத்து, `Free Transform`-இல் Shift விசையை அழுத்திக்கொண்டு மேல் கைப்பிடியை மேலே இழுங்கள். 700 இருந்தது ஏறத்தாழ 1366 ஆகும், அதாவது இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அடிவானத்துக்கு அருகே வெளிர்ந்தும் மேலே போகப் போகக் கருத்தும் வரும் நீலம் அப்படியே விரியும். செயற்கையாகத் தெரியாது.

இதில் இரண்டு சிக்கல் வரும். ஒன்று, இழுத்த இடத்தில் கேமராவின் பொடி இரைச்சலும் சேர்ந்து இழுபட்டு, நெட்டுக்குத்தான கீறல்கள் போலத் தெரியும். இரண்டு, நீலம் படிப்படியாக மாறுவதற்குப் பதில் பட்டை பட்டையாகப் பிரியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: இழுத்த பகுதியை லேசாக மங்கலாக்கி, அதன் மேல் `Filter > Noise > Add Noise` கொண்டு மிகக் குறைந்த அளவு இரைச்சல் தூவுங்கள். பக்கத்து வானத்தின் பொடியோடு ஒத்துப்போகும் அளவுக்குப் போதும். மேகம் இருக்கும் வானத்தை மட்டும் இழுக்காதீர்கள். மேகங்கள் மேல்நோக்கி நீண்டு புகைபோக்கி போல நிற்கும்.

தரை: இழுத்தால் கதை முடிந்தது. கீழே நமக்கு இருப்பது 500 பிக்சல்தான். அதில் 400-ஐ 1066 ஆக்க வேண்டும் என்றால் இரண்டரை மடங்குக்கு மேல் இழுபடும். சிறு கற்கள் எல்லாம் வெண்டைக்காய் போல நீண்டுவிடும். தரைக்கு `Edit > Content-Aware Fill` நல்லது. இது வெற்றிடத்தை, படத்தின் மற்ற இடங்களிலிருந்து எடுத்த துண்டுகளால் நிரப்பும். எங்கிருந்து எடுக்கலாம் என்பதைப் பச்சை நிறத்தில் காட்டும். அங்கேதான் கவனம் வேண்டும். தேர், யானை, வழிகாட்டி, வானம் எல்லாவற்றின் மேலிருந்தும் பச்சையை அழித்துவிட்டு, வெறும் தரையை மட்டும் விடுங்கள். அதைச் செய்யாவிட்டால் தரையில் திடீரென்று ஒரு தும்பிக்கை முளைக்கும்.

நிழலையும் பாருங்கள். வழிகாட்டியின் நிழல் மூலப்படத்தின் கீழ் விளிம்பைத் தொட்டிருந்தால், புதிய தரையிலும் அது தொடர வேண்டும். தொடராவிட்டால், கத்தியால் நறுக்கியது போல நிழல் ஒரு நேர்கோட்டில் நின்றுவிடும். ஒட்டுப்போட்ட படங்களை ஒரு நொடியில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

இவ்வளவு மெனக்கெட நேரமில்லையா? நீட்டாமலேயே விடலாம். வானத்தின் மேல் ஓரத்து நிறத்தை எடுத்து, மேலும் கீழும் அதே நிறத்தில் பட்டை வைத்துவிடுங்கள்:

```
magick hampi.jpg -crop 3000x4000+1350+0 +repage -resize 1080x1440 \
  -background "#8fb3d9" -gravity center -extent 1080x1920 h_9x16.jpg
```

நிறக் குறியீட்டை உங்கள் படத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பட்டைகள் எப்படியும் பொத்தான்களுக்கு அடியில்தான் இருக்கப் போகின்றன. இது வடிவமைப்பு என்று பார்ப்பவருக்குத் தெரியும், இல்லாத இடத்தை இருப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஏஐ கொண்டு நீட்டினால் என்ன?

போட்டோஷாப்பின் `Generative Expand` போன்ற வசதிகள் வானம், தரை இரண்டையும் ஒரே அழுத்தில் நிரப்பி, மூன்று மாதிரிகளைக் காட்டும். வேகம் உண்மை. ஆனால் அவை படத்தில் இருப்பதைத் திரும்ப எடுத்து நிரப்புவதில்லை, இருக்கக்கூடியதாகத் தோன்றுவதை வரைகின்றன. தரையில் ஒரு படிக்கட்டு, ஓரத்தில் ஒரு தூண், தூரத்தில் இன்னொரு மண்டபம் என்று தானாகச் சேர்க்கலாம். பார்க்க அழகாகவும் இருக்கும். ஹம்பியில் அப்படி ஒன்று இருக்காது, அவ்வளவுதான்.

சாதாரண வானத்தில் இதனால் நஷ்டமில்லை. நினைவுச் சின்னத்தில் இருக்கிறது. இந்தக் கல் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதன் மேல்தளம் தட்டையாக இருக்கிறது. 1856-இல் அலெக்ஸாண்டர் கிரீன்லா எடுத்த புகைப்படத்தில் அதன் மேல் ஒரு செங்கல் கோபுரம் தெரிகிறது. பிற்காலத்தில் அது அகற்றப்பட்டது. கோபுரம் எப்படி இருந்தது என்பதை அந்தப் படத்தில் பார்க்க முடிகிறது. மேலே நீட்டும்போது ஒரு கருவி தேரின் தலையில் சிறு விமானத்தை வைத்துவிட்டால், அதை உங்கள் நடைக்கு வருபவர் நம்புவார். நாளைக்கு வேறொருவர் அந்தப் படத்தைப் பதிவிறக்கி வேறெங்கோ போடுவார்.

இன்னொரு நடைமுறை விஷயம். இத்தகைய வசதியால் திருத்திய கோப்பில் அந்தத் தகவல் மறைகுறிப்பாகப் பதிவாகலாம். அதைப் படித்து சமூக ஊடகத் தளம் படத்தின் மேல் ஏஐ என்று முத்திரை குத்தலாம். 2024-இல் இப்படித்தான், சிறு திருத்தம் மட்டும் செய்த உண்மையான புகைப்படங்கள் மீதும் "Made with AI" என்று மெட்டா போட, புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். அதன் பிறகு அந்த வாசகம் "AI info" என்று மாற்றப்பட்டது. 240 பிக்சல் வானத்துக்காக முழுப் படத்தின் மேலும் சந்தேகம் விழ வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எதை நீட்டவே கூடாது?

பின்னணி என்பது எப்போதும் வெறும் பின்னணி இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நீட்டிய இடத்தில் இருப்பதை நம்பி யாராவது ஒரு முடிவு எடுப்பார்களா?

வானத்தை நம்பி யாரும் முடிவெடுப்பதில்லை. ஆனால் ஒரு வீட்டு விளம்பரத்தில் பால்கனியின் தரையை நீட்டினால், வாங்குபவர் அதை இடம் என்று எண்ணுவார். தங்கும் விடுதியின் நீச்சல் குளத்தைப் பக்கவாட்டில் நீட்டினால், அறை பதிவு செய்பவர் அதைக் குளத்தின் நீளம் என்று எண்ணுவார். இங்கே சட்டமும் வருகிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விளம்பரத்தில் இருந்த பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்பைச் சந்தித்தவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை தருகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "சைஸுக்காகத்தான் நீட்டினோம்" என்பது அங்கே பதிலாகாது.

செய்திப் படத்தில் எதையும் நீட்டக் கூடாது. ஒரு பொதுக்கூட்டப் படத்தை 16:9-க்காகப் பக்கவாட்டில் நீட்டினால் நீங்கள் சேர்ப்பது பின்னணி அல்ல, ஆட்கள். வராத கூட்டத்தை வந்ததாகக் காட்டுகிறீர்கள். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஏஐ கொண்டு படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. செய்திப் படத்துக்கு இரண்டே வழிதான்: வெட்டலாம், அல்லது நிறப் பட்டை வைக்கலாம்.

நம் ஹம்பி படத்துக்கும் இதே அளவுகோல்தான். வானத்தையும் வெறும் தரையையும் நீட்டலாம். இடது, வலது பக்கங்களில் தூண்களும் மண்டபமும் இருப்பதால் பக்கவாட்டில் கை வைக்க வேண்டாம். நல்லவேளையாக, நம் கணக்கில் அதற்குத் தேவையும் வரவில்லை.

வெளியிடும் முன் எப்படிச் சரிபார்ப்பது?

ஒட்டு தெரிகிறதா என்று அதையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குத் தெரியாது. சில குறுக்குவழிகள் உண்டு.

படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய படம் புதிதாகத் தெரியும், தவறுகள் முன்னால் வந்து நிற்கும். அடுத்து, ஒரு `Curves` லேயரைப் போட்டு வெளிச்ச வேறுபாட்டை மிகையாக ஏற்றிப் பாருங்கள். சாதாரணமாகத் தெரியாத ஒட்டுக் கோடும் வானத்தின் பட்டைகளும் பளிச்சென்று தெரியும். பார்த்தபின் அந்த லேயரை நீக்கிவிடுங்கள். பிறகு 100 சதவீத அளவில் தரையை ஒருமுறை துழாவுங்கள். ஒரே வடிவக் கல் இரண்டு இடத்தில் இருந்தால் நிரப்பும் கருவி நகலெடுத்திருக்கிறது, அதில் ஒன்றை அழியுங்கள்.

கடைசியாக, கோப்பை உங்கள் போனுக்கு அனுப்பி, ஸ்டோரி போடும் திரையில் வைத்து, வெளியிடாமல் பாருங்கள். தலைப்பு செயலியின் பெயர்ப் பட்டையில் மோதுகிறதா, கால்கள் பதில் பெட்டிக்கு அடியில் போகிறதா என்பது அங்கேதான் சரியாகத் தெரியும்.

அடுத்த முறை நீட்டாமலே இருக்க

படம் எடுப்பவர் நீங்களோ உங்கள் குழுவில் ஒருவரோ என்றால், இந்த வேலையில் பாதியை முற்றத்திலேயே முடித்துவிடலாம். முக்கியப் படத்தை எடுத்த உடனே, வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டி வைத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்றபடி கேமராவைக் கொஞ்சம் மேலே சாய்த்து வானத்தை ஒரு படம், கீழே சாய்த்துத் தரையை ஒரு படம் எடுங்கள். ஒவ்வொன்றும் முக்கியப் படத்தோடு மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். போட்டோஷாப்பில் `File > Automate > Photomerge` இந்த மூன்றையும் இணைத்து ஒரே நெடிய படமாக்கித் தரும். வழிகாட்டி நடுவில் அசைந்தாலும் கவலையில்லை, அவர் இருக்கும் பகுதியை முக்கியப் படத்திலிருந்தே வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஆகும் நேரம் பத்து வினாடி. அப்படிக் கிடைக்கும் வானமும் தரையும் ஹம்பியுடையவை. நிழல் தானாகத் தொடரும், கல் எதுவும் இரண்டு முறை வராது, ஏஐ முத்திரை விழுமோ என்ற கவலையும் இல்லை. 9:16-க்குத் தேவையான 1333 பிக்சலும் கேமராவிலிருந்தே வந்திருக்கும்.